நூற்றுக்கு 71 என்று மேடையில் சொல்லலாமா? (மாணவர் பேரவை உரை, கருத்துக் கேட்பு)

வெண்ணாற்றங்கரை | ஞாயிறு, இரவு 9.10

எல்லோருக்கும் வணக்கம். மன்னார்குடிப் பக்கம் ஒரு கலைக் கல்லூரியில் இரண்டாமாண்டு படிக்கிறேன், மாணவர் பேரவை உறுப்பினர். அடுத்த திங்கட்கிழமை முதல்வர் முன்னிலையில் ஒரு கூட்டம். பேருந்துப் பணிமனையிலிருந்தும் அதிகாரி ஒருவர் வருகிறார். காலை வண்டி நேரத்துக்கு வராததால் முதல் மணி வகுப்பு போய்விடுகிறது என்பதுதான் எங்கள் முறையீடு. பேரவை சார்பில் பேசப்போவது நான்.

இதற்காக வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு படிவம் சுற்றுக்கு விட்டோம். கேள்வி: “பேருந்து சரியாக வராததால் நீங்கள் அடிக்கடி முதல் வகுப்பைத் தவறவிடுகிறீர்களா?” மொத்த மாணவர்கள் 1,240. பதில் அனுப்பியவர்கள் 214. அதில் ‘ஆம்’ 152. கணக்குப் போட்டால் 71 சதவீதம் வருகிறது.

எங்கள் செயலாளர் எழுதிக் கொடுத்த உரையில் முதல் வரியே இப்படி: “நம் கல்லூரி மாணவர்களில் 71 சதவீதம் பேர், அதாவது 880 பேர், பேருந்தால் பாடத்தை இழக்கிறார்கள்.” வீட்டில் சத்தமாகப் படித்துப் பார்த்தேன். 880 என்ற இடத்தில் நாக்கு நின்றுவிட்டது. நாங்கள் 880 பேரிடம் கேட்கவே இல்லையே. இதை எப்படிச் சொன்னால் சரியாக இருக்கும்?

மகாமகக்குளம் | ஞாயிறு, இரவு 9.32

தங்கச்சி, மேடையில் நாக்கு நிற்பது எல்லோருக்கும் வருவதுதான், பயப்படாதே. கும்பகோணத்தில் 20 வருடமாகப் பட்டிமன்றம் பேசுகிறேன். எண் வரும் இடத்துக்கு முன் ஒரு மூச்சு நிறுத்து. “எழுபத்தொன்று” என்று எழுத்தெழுத்தாக அழுத்திச் சொல். ஒரு உரைக்கு ஒரு எண்தான் காதில் தங்கும், இரண்டாவது வந்தால் முதலாவது போய்விடும். கண்ணாடி முன் நின்று நாலு தடவை பேசிப் பார், சரியாகிவிடும்.

வெண்ணாற்றங்கரை | ஞாயிறு, இரவு 9.41

நன்றி அண்ணா. ஆனால் மேடை பயம் இல்லை. அந்த எண் உண்மையா என்பதுதான் என் சந்தேகம்.

கணக்கு வாத்தியார் | ஞாயிறு, இரவு 10.05

சந்தேகமே வேண்டாம். 1,240 பேரில் 214 பேர் என்றால் ஆறில் ஒரு பங்குக்கும் மேல். இவ்வளவு எண்ணிக்கைக்குப் பிழை வரம்பு கூட்டிக் கழித்து 6 சதவீதம்தான் வரும். “65 முதல் 77 சதவீதம்” என்று சொல்லிவிடுங்கள். யாரும் குறை சொல்ல முடியாது. தேர்தல் கருத்துக் கணிப்பில்கூட இதைத்தான் செய்கிறார்கள்.

மேலவீதி | திங்கள், காலை 6.20

வாத்தியார் ஐயா சொன்ன கணக்கில் தவறில்லை. 6 என்பது சரிதான். ஆனால் அந்தச் சூத்திரம் ஒரு நிபந்தனையின் மேல் நிற்கிறது: 214 பேரையும் நாம் சீட்டுக் குலுக்கி எடுத்திருக்க வேண்டும். இங்கே யாரும் யாரையும் எடுக்கவில்லை. படிவம் சுற்றியது, மனம் வந்தவர்கள் நிரப்பினார்கள். பேருந்துக்காகக் காத்து நொந்தவள் உடனே நிரப்புவாள். சைக்கிளில் வருகிறவன் “நமக்கென்ன” என்று தள்ளிவிடுவான். அந்தச் சாய்வை 6 சதவீதம் அளக்காது.

நான் புள்ளியியல் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பாப்பா, ஒன்று செய்யுங்கள். பதில் தராத 1,026 பேரைப் பற்றி நமக்கு ஒன்றும் தெரியாது. அவர்கள் எல்லோருக்கும் பிரச்சினை இல்லை என்று வைத்தால் 1,240 பேரில் 152 பேர், சதவீதம் 12. எல்லோருக்கும் பிரச்சினை என்று வைத்தால் 1,178 பேர், சதவீதம் 95. உங்கள் படிவம் கல்லூரி முழுவதையும் பற்றிச் சொல்வது இவ்வளவுதான்: 12க்கும் 95க்கும் நடுவில் எங்கோ.

அமெரிக்காவில் 1936இல் ஒரு பத்திரிகை சுமார் 24 லட்சம் பேரிடம் பதில் வாங்கி, ரூஸ்வெல்ட் தோற்பார் என்று எழுதியது. அந்த அதிபர் தேர்தலில் அவர் பெரிய வெற்றி பெற்றார். 24 லட்சத்துக்கே அந்த கதி என்றால் 214 பற்றி யோசியுங்கள்.

படிவத்தில் “எதில் வருகிறீர்கள்” என்று கேட்டிருந்தீர்களா?

வெண்ணாற்றங்கரை | திங்கள், காலை 7.02

கேட்டிருந்தோம் ஐயா. இப்போதுதான் எண்ணிப் பார்த்தேன். 214 பேரில் 186 பேர் பேருந்து. ஆனால் எங்கள் வகுப்பில் 44 பேரில் பேருந்தில் வருபவர்கள் பாதிதான். மற்றவர்கள் விடுதி, சைக்கிள், அண்ணனோ அப்பாவோ வண்டியில் கொண்டுவந்து விடுவது.

மேலவீதி | திங்கள், காலை 7.15

அதுதான் தடயம். யார் பதில் சொன்னார்கள் என்பதை நமக்கு வேறு வழியில் தெரிந்த ஒரு விஷயத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தால் சாய்வு வெளியே வந்துவிடும்.

தாளடி | திங்கள், காலை 8.40

குறுக்கே வருவதற்கு மன்னிக்கணும். எங்க ஊரிலும் இதே கதைதான். பயிர்க் காப்பீட்டுக்கு அறுவடைச் சோதனை எடுக்க வந்தவர், குலுக்கல் முறையில் எண் போட்டு எந்த வயல், வயலில் எந்த மூலை என்று குறித்துக்கொண்டு வரவேண்டும். 5 மீட்டருக்கு 5 மீட்டர் முளை அடித்து, கயிறு கட்டி, அறுத்து, அடித்து, எடை போடணும். வந்தவரோ சாலையோரம் வாய்க்கால் பாயும் வயலில் இறங்கினார். உள்ளே போகச் சேறு என்றார். கடைமடையில் எங்கள் வயலெல்லாம் மழையில் சாய்ந்து கிடந்தது. அந்த ஒரு சதுரத்தில் மட்டும் கதிர் நிமிர்ந்து நின்றது. ஊர் சராசரி உயர்ந்துவிட்டது, எங்களுக்குக் காப்பீடு வரவில்லை. எடை போட்டதில் ஒரு கிராம்கூடப் பொய் இல்லை. எடுத்த இடம்தான் பொய். இதற்கு மேல்முறையீடு எங்கே செய்வது என்று யாருக்காவது தெரியுமா?

மேலவீதி | திங்கள், காலை 9.05

தம்பி, உங்கள் விஷயத்தைத் தனி இழையாகப் போடுங்கள், எனக்குத் தெரிந்ததை அங்கே எழுதுகிறேன். ஆனால் நீங்கள் சொன்னது இங்கேயும் பொருந்தும். சாலையோர வயல் மாதிரிதான் வாட்ஸ்அப் குழுவும். கை எட்டும் தூரத்தில் இருப்பதை எடுத்துவிட்டு ஊர் சராசரி என்கிறோம்.

இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. புள்ளியியல் அறிஞர் மகலனோபிஸ் வங்காளத்தில் அறுவடைச் சோதனைக்குச் சிறு சிறு வட்டங்களாக அறுக்கச் சொன்னார், இன்னொரு புள்ளியியல் அறிஞர் சுகாத்மே பெரிய சதுரம் வேண்டும் என்று வாதாடினார். அறுக்கும் இடம் சிறியதானால் எல்லைக் கயிற்றின் மேல் நிற்கும் குத்துகளின் பங்கு கூடும். அறுப்பவர் கை அவற்றை உள்ளே இழுத்துவிடும், விளைச்சல் கூடுதலாகத் தெரியும். ஏமாற்ற வேண்டும் என்று யாரும் நினைப்பதில்லை. ஓரத்தில் நிற்பதைச் சேர்த்துக்கொள்ளத் தோன்றும், அவ்வளவுதான். உங்கள் கேள்வியில் “அடிக்கடி” என்று ஒரு சொல் இருக்கிறதே, அதுதான் அந்தக் கயிற்றோரம். மாதம் ஒரு நாள் தாமதமானவரும் ‘ஆம்’ போட்டிருப்பார்.

கோரையாறு | திங்கள், மதியம் 1.20

நான்தான் அந்தச் செயலாளர். என்னை ஏமாற்றுக்காரன் மாதிரி பேச வேண்டாம். மூன்று வருடமாக மனு கொடுக்கிறோம். “சில மாணவர்கள் சிரமப்படுகிறார்கள்” என்று எழுதினால் கோப்பில் போட்டுவிடுகிறார்கள். பெரிய எண் இருந்தால்தான் திரும்பிப் பார்ப்பார்கள். கோட்டூர்ப் பக்கத்திலிருந்து வரும் பிள்ளைகள் காலை 7.30க்கே நிறுத்தத்தில் நிற்கிறார்கள். அந்த உண்மையைச் சொல்ல 71 உதவுகிறது என்றால் அதில் என்ன தப்பு?

மேலவீதி | திங்கள், மாலை 6.10

தம்பி, உங்கள் கோபம் நியாயமானது. அதனால்தான் சொல்கிறேன். எதிரில் உட்காரப் போகிறவர் பணிமனைக்காரர். காலையில் எத்தனை மாணவர் அட்டைப் பயணிகள் ஏறுகிறார்கள் என்று அவருக்கு ஓரளவு தெரியும். “880 பேரா? உங்கள் கல்லூரிக்கு அத்தனை பேர் பேருந்திலேயே வருவதில்லையே” என்று ஒரு வார்த்தை கேட்டால் முடிந்தது. அப்புறம் 7.30க்கு நிற்கும் பிள்ளைகளைப் பற்றி நீங்கள் சொல்வதையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

இன்னும் ஒரு வாரம் இருக்கிறது. அலுவலகத்தில் பெயர்ப் பட்டியல் வாங்குங்கள். வகுப்பு வரிசையில் 1 முதல் 1,240 வரை எண் போடுங்கள். 1 முதல் 20 வரை சீட்டுக் குலுக்கி ஒன்று எடுங்கள். அதிலிருந்து ஒவ்வொரு இருபதாவது பெயர். 62 பேர் வருவார்கள். நேரில் போய்க் கேளுங்கள். பட்டியலில் உள்ளவர் கிடைக்கவில்லை என்று பக்கத்தில் இருப்பவரைக் கேட்டுவிடக் கூடாது. கேள்வியையும் மாற்றுங்கள்: “போன வாரம் திங்கள் முதல் வெள்ளி வரை, முதல் மணி தொடங்கிய பிறகு எத்தனை நாள் வகுப்புக்குள் போனீர்கள்?” பதில் வந்த பிறகு, “எதனால்?” பேருந்து என்ற சொல்லை நீங்கள் முதலில் எடுக்காதீர்கள்.

கணக்கு வாத்தியார் | திங்கள், இரவு 8.30

214ஐ விட்டுவிட்டு 62க்குப் போகச் சொல்கிறீர்கள். பிழை வரம்பு 12, 13 என்று ஏறிவிடுமே?

மேலவீதி | திங்கள், இரவு 8.44

ஏறும். ஆனால் அந்த 12 எவ்வளவு என்று நமக்குத் தெரியும். 214இல் இருக்கும் சாய்வு எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது.

வெண்ணாற்றங்கரை | வெள்ளி, இரவு 8.15

முடித்துவிட்டோம். சீட்டில் 7 வந்தது. 7, 27, 47 என்று 1,227 வரை 62 பேர். நானும் இரண்டு தோழிகளும் மூன்று நாள் வகுப்பு வகுப்பாக அலைந்தோம். 58 பேரைப் பார்த்தோம். 4 பேர் அந்த மூன்று நாளும் வரவே இல்லை.

போன வாரம் ஒரு நாளாவது தாமதமாக வந்தவர்கள் 58இல் 23. சதவீதமாக 40.

உண்மையைச் சொல்கிறேன், 40 என்று வந்ததும் கை காலெல்லாம் தளர்ந்துவிட்டது. செயலாளர் அண்ணா, “கெடுத்தாயே” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். 71 எங்கே, 40 எங்கே.

மேலவீதி | வெள்ளி, இரவு 8.31

முதலில், 71லிருந்து 40க்கு விழுந்தது என்று நினைக்காதீர்கள். அங்கே “அடிக்கடி தவறவிடுகிறீர்களா” என்று கேட்டீர்கள், இங்கே “போன வாரம் எத்தனை நாள்” என்று. இரண்டும் வேறு வேறு அளவுகோல். இப்போது சொல்லுங்கள், அந்த 58 பேரில் பேருந்தில் வருபவர்கள் எத்தனை பேர்?

வெண்ணாற்றங்கரை | வெள்ளி, இரவு 8.50

31 பேர். அந்த 31 பேரில் தாமதமானவர்கள் 21. எல்லோருமே காரணமாகச் சொன்னது வண்டியைத்தான். மீதி 27 பேரில் தாமதமானவர்கள் 2 பேர்தான். ஒருவருக்கு சைக்கிள் பஞ்சர், இன்னொருவர் வீட்டில் மாடு கறந்து பால் ஊற்றிவிட்டு வரவேண்டியிருந்ததாம்.

மேலவீதி | வெள்ளி, இரவு 8.58

அம்மா, உங்கள் உரை இந்த வரியில்தான் இருக்கிறது. பேருந்தில் வரும் 31 பேரில் 21 பேர் தாமதம். மற்ற 27 பேரில் 2 பேர். பிரச்சினை கல்லூரி முழுவதும் பரவிக் கிடக்கவில்லை, பேருந்தில் ஏறுகிறவர்கள் தலையில் குவிந்து கிடக்கிறது. 71 சதவீதம் இதைச் சொல்லவே இல்லை, எல்லோரையும் ஒரே மூட்டையில் கட்டிவிட்டது.

31 பேர் என்ற சின்ன எண்ணிக்கையைச் சதவீதமாக்க வேண்டாம். “67.7 சதவீதம்” என்றால் ஆயிரம் பேரை அளந்த மாதிரி ஒரு தோற்றம் வரும். “31 பேரில் 21 பேர்” என்று ஆளாகவே சொல்லுங்கள். கல்லூரியில் பேருந்தில் வரும் எல்லோருக்கும் இதை விரித்தால், சுமார் பாதியிலிருந்து ஐந்தில் நான்கு பங்கு வரை இருக்கலாம். யாராவது கேட்டால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

கணக்கு வாத்தியார் | வெள்ளி, இரவு 9.20

ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த 4 பேரை விட்டுவிட்டீர்களே. வராதவர்கள்தான் பேருந்து கிடைக்காமல் வீட்டுக்கே திரும்பியவர்களாக இருக்கலாம். அப்படியானால் உங்கள் 40 குறைவான மதிப்பு.

மேலவீதி | வெள்ளி, இரவு 9.34

நல்ல கேள்வி. முதலில் செய்த கணக்கையே செய்வோம். 4 பேருக்கும் பிரச்சினை இல்லை என்றால் 62இல் 23, சதவீதம் 37. நாலு பேருக்கும் பிரச்சினை என்றால் 62இல் 27, சதவீதம் 44. படிவத்தில் 12க்கும் 95க்கும் நடுவில் தத்தளித்தது, இங்கே 37க்கும் 44க்கும் நடுவில் வந்து நிற்கிறது. இதற்கு மேல் குலுக்கலில் வரும் ஏற்ற இறக்கம் தனி. ஆனாலும் அந்த 4 பேரைத் தேடிப் பிடித்துக் கேட்பது நல்லது.

கோரையாறு | வெள்ளி, இரவு 10.15

படித்தேன். வெண்ணாறு, கோபத்தில் பேசிவிட்டேன், மனதில் வைத்துக்கொள்ளாதே. ஆனால் ஒரு கேள்வி. 214 பேர் நேரம் ஒதுக்கி நிரப்பித் தந்தார்கள். அவர்களைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் விடுவது சரியா? அவர்களும் நம் பிள்ளைகள்தானே.

மேலவீதி | வெள்ளி, இரவு 10.28

சொல்லலாம். “படிவத்தை நிரப்பித் தந்த 214 பேரில் 152 பேர் இதைக் குறையாகச் சொன்னார்கள்” என்பது முழு உண்மை. “மாணவர்களில்” என்று ஆரம்பித்தால்தான் தவறு. என்னைக் கேட்டால் உரையில் வைக்க மாட்டேன், இரண்டு எண் வந்தால் கேட்பவர் பெரியதைப் பிடித்துக்கொள்வார். எழுத்து மனுவில் வையுங்கள்.

கோரையாறு | வெள்ளி, இரவு 10.33

எனக்கு அதில் உடன்பாடு இல்லை ஐயா. 152 பேர் புகார் சொன்னார்கள் என்பதும் ஒரு செய்திதான். அதை மேடையில் சொல்ல வேண்டும்.

மகாமகக்குளம் | சனி, காலை 7.10

இப்போதுதான் விஷயம் புரிந்தது. தங்கச்சி, முதல் நாள் நான் வேறு எதையோ நினைத்துப் பேசிவிட்டேன். ஒன்று மட்டும் சொல்கிறேன். “31 பேரில் 21” என்பதும் காதுக்கு நன்றாகவே இருக்கிறது. 31 பேரைச் சபை கண்ணால் பார்க்கும். 71 சதவீதத்தை யாரும் பார்த்ததில்லை. எழுதியிருந்தால் போடு, பார்க்கலாம்.

வெண்ணாற்றங்கரை | ஞாயிறு, மாலை 5.00

இதுதான் உரை. செயலாளர் அண்ணாவோடு சேர்ந்து எழுதியது.

“மதிப்பிற்குரிய முதல்வர் அவர்களே, பணிமனையிலிருந்து வந்திருக்கும் ஐயா அவர்களே, வணக்கம். எங்கள் கல்லூரியில் 1,240 பேர் படிக்கிறோம். எல்லோரிடமும் நாங்கள் கேட்கவில்லை. பெயர்ப் பட்டியலில் குலுக்கல் முறையில் 62 பேரை எடுத்தோம். 58 பேரை நேரில் பார்த்தோம். நான்கு பேரைப் பார்க்க முடியவில்லை.

58 பேரில் பேருந்தில் வருபவர்கள் 31 பேர். நாங்கள் கேட்ட வாரத்துக்கு முந்தைய வாரம், ஐந்து நாளில் ஒரு நாளாவது முதல் மணி தொடங்கிய பிறகு வந்தவர்கள், அந்த 31 பேரில் 21 பேர். பேருந்தில் வராத 27 பேரில் இரண்டு பேர்தான்.

கேட்டது கொஞ்சம் பேரிடம். அதனால் கல்லூரி முழுவதற்கும் துல்லியமாக இத்தனை பேர் என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் பேருந்தில் வருபவர்களுக்கும் மற்றவர்களுக்கும் இடையில் இவ்வளவு வித்தியாசம் தற்செயலாக வராது. 21 பேரில் 13 பேர் சொன்னது ஒரே வண்டியை. காலை 8.10க்கு வரவேண்டிய வண்டி. அந்த ஒரு வண்டியின் நேரத்தை மட்டும் பார்த்துத் தரும்படி கேட்டுக்கொள்கிறோம்.”

214 பேர் விஷயம் மனுவின் இரண்டாம் பக்கத்தில் இருக்கிறது. அண்ணாவுக்கு இன்னும் மனக்குறைதான்.

தாளடி | ஞாயிறு, மாலை 5.40

“நான்கு பேரைப் பார்க்க முடியவில்லை” என்று சொன்னாய் பார், அந்த ஒரு வரியை எங்க ஊருக்கு வந்தவர் சொல்லியிருந்தால் போதும்.

வெண்ணாற்றங்கரை | திங்கள், இரவு 7.50

பேசிவிட்டேன். கைத்தட்டல் பெரிதாக இல்லை. பணிமனை ஐயா கையில் பேனாவோடு கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும் முதலில் கேட்டது, “பட்டியலை யார் கொடுத்தது?” அலுவலகம் என்றேன். அடுத்து, “13 பேரும் எந்த நிறுத்தத்தில் ஏறுகிறார்கள்?” தோழி குறிப்பேட்டிலிருந்து படித்தாள்: 9 பேர் ஒரே நிறுத்தம், மீதி 4 பேர் அதற்கு அடுத்தது. அவர் அதை எழுதிக்கொண்டார். அந்த வண்டி முந்தைய நடையிலேயே தாமதமாகத் திரும்புகிறதா என்று நடத்துநரின் பதிவைப் பார்க்க வேண்டும், பார்த்துச் சொல்கிறேன் என்றார். வாக்குறுதி எதுவும் தரவில்லை.

வெளியே வந்ததும் செயலாளர் அண்ணா, “152 என்று சொல்லியிருந்தால் இன்றே தேதி கேட்டு வாங்கியிருக்கலாம்” என்றார். எனக்குத் தெரியவில்லை.

கணக்கு வாத்தியார் | திங்கள், இரவு 8.05

அந்த 4 பேர்?

வெண்ணாற்றங்கரை | திங்கள், இரவு 8.20

மூன்று பேர் இன்று வந்திருந்தார்கள் ஐயா. இரண்டு பேருக்குக் காய்ச்சல். ஒருவர் வீட்டில் நடவு. அந்த வாரம் தாமதமா என்று கேட்டதற்கு ஒருவர் ‘ஆம்’, மற்ற இருவர் ‘இல்லை’. நான்காவது பெண் இன்றும் வரவில்லை. அவள் ஊருக்கும் அதே 8.10 வண்டிதான். நாளை அவள் தோழியிடம் எண் வாங்கிப் பேசுகிறேன்.